நகராத பங்குக்கு ஒரு கெடு

பங்கு வாங்கும்போதே ஸ்டாப் லாஸ் போட்டுவிடுவது இன்று பலருக்கும் பழகிய விஷயம். விலை குறிப்பிட்ட அளவு இறங்கினால் விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால், வாங்கிய பங்கு இறங்காமலும் ஏறாமலும் அதே விலையைச் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? இதற்கு டிரேடர்கள் வைத்திருக்கும் விதிதான் டைம் ஸ்டாப். சார்ட்டில் இத்தனை கேண்டில் முடிவதற்குள் விலை எதிர்பார்த்த தூரம் போகவில்லை என்றால், லாபமோ நஷ்டமோ, விற்றுவிட வேண்டும்.

இந்த விதி எல்லா வகை வியாபாரத்துக்கும் பொருந்தாது. மாதக்கணக்கில் ஒரு போக்கைப் பின்தொடர்பவருக்கு இது இடைஞ்சல்தான். பெரிய ஏற்றங்கள் பல நாள் அசையாமல் கிடந்த பிறகு கிளம்புவதும் உண்டு. இது நன்றாகப் பொருந்துவது பிரேக்அவுட் வியாபாரத்துக்கு. பல வாரம் தாண்டாத ஓர் உச்சத்தை விலை தாண்டும்போது, காத்திருந்தவர்கள் வாங்க வருவார்கள், விற்றுவைத்தவர்கள் பயந்து திரும்ப வாங்குவார்கள், அந்த வேகத்தில் விலை ஏறும் என்பதுதான் அங்கே கணக்கு. அந்த வேகம் சில நாட்களில் தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லை என்றால், நாம் எதை நம்பி வாங்கினோமோ அது நடக்கவில்லை என்று பொருள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 500 ரூபாய் உச்சத்தைத் தாண்டிய பங்கில் 100 பங்குகளை அந்த விலைக்கே வாங்குகிறோம். ஸ்டாப் லாஸ் 485. அதாவது பங்குக்கு 15 ரூபாய் ரிஸ்க். அதில் பாதியான ஏழரை ரூபாயாவது ஏறி, 507.50க்கு மேல் ஒரு நாளாவது விலை முடிய வேண்டும்; அதற்குக் கெடு, வாங்கிய மறுநாளிலிருந்து 5 தினசரி கேண்டில். அப்படி முடிந்துவிட்டால் கெடு ரத்து, அதன்பின் ஸ்டாப் லாஸ் மட்டும் காவல் காக்கும்.

ஐந்து நாள் முடிவு விலைகள்: 503, 498, 501, 505, 502. இலக்கை ஒரு நாளும் தொடவில்லை. ஆறாம் நாள் காலையில் 501க்கு விற்கிறோம். கையில் 100 ரூபாய் லாபம். ஆனால் டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. வரி உண்டு, அதுவே சுமார் 100 ரூபாய். மற்ற கட்டணங்களையும் சேர்த்தால் சிறு நஷ்டம். இருந்தாலும், 485 வரை இழுத்துச் சென்றிருந்தால் போயிருக்கக்கூடிய 1,500 ரூபாய் தப்பியது, 50,000 ரூபாய் முதலும் விடுபட்டது.

இந்த 5 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே முறையில் செய்த பழைய வியாபாரங்களை எடுத்து, லாபத்தில் முடிந்தவை எத்தனையாவது கேண்டிலில் பாதி ரிஸ்க் தூரத்தைத் தாண்டின என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை நான்காம் நாளுக்குள் தாண்டியிருந்தால், 5 நியாயமான கெடு.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பாதி சோதனைதான் முடிந்திருக்கிறது. அந்த ஐந்து நாளில் தாண்டாதவற்றைத் தனியே பிரித்து, ஆறாம் நாள் விலையிலிருந்து கடைசி வரை அவை என்ன ஆயின என்று பார்க்க வேண்டும். சராசரியாக அவை மேலும் ஏறியிருந்தால், டைம் ஸ்டாப் நம் லாபத்தைத்தான் வெட்டுகிறது, அதை விட்டுவிடலாம். ஏறவில்லை அல்லது இறங்கியது என்றால் விதிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அடுத்து 4, 6, 7 என்றும் வைத்துப் பார்ப்பது நல்லது. ஐந்தில் மட்டும் பிரமாதமாகவும் பக்கத்து எண்களில் மோசமாகவும் வந்தால், அது பழைய விலைகளில் தற்செயலாக அமைந்த பொருத்தம், நம்புவதற்கில்லை.

கேண்டிலை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடப்பதால், 15 நிமிட சார்ட்டில் ஒரு நாளைக்கு 25 கேண்டில்கள். காலையின் முதல் நாலு கேண்டிலில் நடக்கும் வியாபாரமும் மதியத்தின் நாலு கேண்டிலில் நடக்கும் வியாபாரமும் ஒன்றல்ல. மந்தமான மதியத்தில் வாங்கியதற்கும் காலைக் கெடுவையே வைத்தால், நல்ல வியாபாரமும் வெட்டுப்படும்.

விற்ற மறுநாளே பங்கு பாய்ந்து ஏறுவதும் நடக்கும். அதற்காகக் கெடுவை நீட்டுவதை விட, அந்த ஐந்து நாள் உச்சத்தைத் தாண்டினால் புதிய வியாபாரமாக, புதிய ஸ்டாப் லாஸுடன், மீண்டும் வாங்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது சரி என்பேன்.

ஆப்ஷன் வாங்குபவருக்குக் கெடு இன்னும் அவசரம். பங்கு அசையாவிட்டால் பங்கின் விலை அப்படியே இருக்கும். ஆப்ஷனின் பிரீமியம் கரையும். எக்ஸ்பைரிக்கு நாலு நாள் இருக்கையில் 120 ரூபாய் இருந்த ஏ.டி.எம். கால் ஆப்ஷன், மற்றவை மாறாமல் ஒரு நாள் கழிந்தாலே, கணக்குப்படி சுமார் 104க்கு வந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் கரைவது இன்னும் வேகமாகும்.