பேசாத பிள்ளைக்கும் ஓர் இடம்

அமெரிக்காவின் ஓரிகனில் லெவின்சனும் கிளார்க்கும் சகாக்களும் மனச்சோர்வுள்ள பதின்வயதினருக்காக உருவாக்கிய குழுப் பயிற்சி, 8 வாரங்களில் 16 அமர்வுகள். ஒவ்வொன்றும் 2 மணி நேரம். போன அமர்வின் வீட்டுவேலையைப் பார்ப்பார்கள், ஒரு புதிய திறனைப் பழகுவார்கள், அடுத்த வேலையோடு கலைவார்கள்.

முதல் நாளே விதியைச் சொல்லிவிட வேண்டும்: உன் கதையை நீ வெளியே சொல்லலாம், அடுத்தவர் கதையைச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தோ, யாரேனும் துன்புறுத்துவதோ தெரிந்தால் மட்டும் பயிற்சியாளர் பெரியவர்களிடம் சொல்வார். இந்த விலக்கைப் பிறகு சொன்னால் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக உணரும்.

15 வயதுப் பெண் ஒருத்தி மூன்று அமர்வுகளாக வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லார் முன்னிலும் “நீ ஏன் பேசவில்லை?” என்று கேட்டால் இன்னும் சுருங்கிப்போவாள். அதைவிட, எல்லாரையும் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லி, பிறகு இருவர் இருவராகப் பேசவிடலாம். குழுவில் அவள் ஒரு வரியை வாசித்தால் போதும். “இன்று வேண்டாம்” என்றாலும் சரி. அந்த வரியைப் பயிற்சியாளர் விளக்கிக்கொண்டிருக்காமல், “இப்படி வேறு யாருக்காவது இருந்ததா?” என்று குழுவிடம் விட்டுவிடுவது நல்லது.

கண்ணால் பின்தொடர்ந்து கேட்கும் மௌனம் பரவாயில்லை. வீட்டுவேலையும் நின்று, வருகையும் குறைந்தால், அமர்வு முடிந்ததும் அவளைத் தனியே அழைத்து, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்க வேண்டும்.