லாரி நிறுவனத்துக்கு எக்ஸெல்லில் மார்க் போடலாம்

சுரண்டை காய்கறி மார்க்கெட்டிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றும், நான்கு லாரிகள் கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பலம், பலவீனம் என்ன? வெளிச் சூழலை எப்படிச் சமாளிக்கிறது? ஃபிரெட் டேவிட் என்ற நிர்வாகவியல் ஆசிரியரின் பாடநூல்களால் பரவிய இரண்டு அட்டவணைகள் இதற்கு எண்ணில் பதில் தருகின்றன.

முதலாவது, உள்காரணி அட்டவணை. எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் காரணி, எடை, மதிப்பெண், பெருக்கல் என்று தலைப்பிடுங்கள். இந்தத் தொழிலில் அந்தக் காரணி எவ்வளவு முக்கியம் என்பதே எடை. எல்லா எடைகளையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். மதிப்பெண் நமது நிறுவனத்துக்கு உரியது. பெரிய பலவீனம் 1, சிறியது 2, சிறிய பலம் 3, பெரிய பலம் 4.

மலைப்பாதை பழகிய டிரைவர்களுக்கு எடை 0.30, மதிப்பெண் 4. மண்டிக்காரர்களுடன் உள்ள பழக்கத்துக்கு 0.25, 3. லாரி காலியாகத் திரும்புவதற்கு 0.30, 1. நோட்டில் எழுதும் கணக்குக்கு 0.15, 2. இவற்றை 2 முதல் 5 வரையான வரிசைகளில் டைப் செய்யுங்கள். D2 செல்லில் முதல் ஃபார்முலாவை அடித்து D5 வரை இழுத்து விடுங்கள். அடுத்த இரண்டும் B6, D6 செல்களுக்கு.

```
=B2*C2
=SUM(B2:B5)
=SUM(D2:D5)
```

B6-ல் 1 வராவிட்டால் மொத்தத்தை நம்பாதீர்கள். D6-ல் 2.55 வரும். சராசரி 2.5 என்பதால் நிறுவனம் மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறது. திரும்பும்போது சரக்குக் கிடைக்க ஓரளவு வழி செய்து அந்த 1 என்பது 2 ஆனால், மொத்தம் 2.85 ஆகிவிடும். வேறெதையும் ஒரு மார்க் உயர்த்தினாலும் இதைவிட அதிகம் கிடைக்காது.

இரண்டாவது, வெளிக்காரணி அட்டவணை. பலரும் சறுக்குவது இங்கேதான். இதில் மதிப்பெண் என்பது வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பதல்ல. அதற்கு நாம் எவ்வளவு தயாராக இருக்கிறோம் என்பது. மிக நன்றாக என்றால் 4, மோசமாக என்றால் 1.

ஓணம் சீசன் தேவைக்கு எடை 0.40. ஆனால் அப்போது கூடுதல் லாரிக்கு ஏற்பாடு இல்லை, எனவே மதிப்பெண் 2. டீசல் விலை உயர்வுக்கு எடை 0.35, விலை ஏறினால் வாடகையும் ஏறும் என்று பேசி வைத்திருப்பதால் 3. மழையில் மலைப்பாதை தடைபடுவதற்கு எடை 0.25, மதிப்பெண் 2. மொத்தம் 2.35, சராசரிக்குக் கீழே. ஓணம் பெரிய வாய்ப்பாயிற்றே என்று 4 போட்டிருந்தால் 3.15 வந்து, நிறுவனம் பிரமாதம் என்று காட்டியிருக்கும்! டீசல் ஆபத்துதானே என்று 1 போடுவதும் இதே தவறுதான்.

எடையும் மதிப்பெண்ணும் நம் மனக்கணக்கே. முதலாளி, கிளார்க், டிரைவர் மூவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே வரிக்கு ஒருவர் 4, மற்றவர் 1 போட்டிருந்தால், மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.