864 பேரா, 36 பேரா? புரவலருக்கு எழுதும் புதுப்பிப்புக் கடிதம்

படிவம் 4, 5 மாணவர்களுக்கு அலுவல் கடிதம் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் நாம் அமைப்பிலேயே நின்றுவிடுகிறோம். அனுப்புநர் முகவரி, கோடு, பெறுநர் முகவரி, தேதி, தலைப்பு, இரண்டாம் பத்தியிலிருந்து எண். பிள்ளைகளும் அதைச் சரியாகச் செய்துவிடுகிறார்கள். உள்ளே எழுதுவதுதான் காற்றாக இருக்கிறது. ‘அதிகமான மாணவர்கள் பயன்பெற்றனர்’ என்று ஒரு வரி, ‘தங்களின் பேராதரவு தொடர வேண்டும்’ என்று ஒரு வரி, கடிதம் முடிந்துவிடும். எண்ணிக்கையை வைத்து ஒருவரிடம் ஒன்று கேட்பது எப்படி என்பதை இந்த முறை ஓர் உண்மைக் கடிதத்தைக் கொண்டு பார்ப்போம்.

என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தாமானில் பிள்ளைகளுக்கான பூப்பந்துக் கழகம் ஒன்றை நடத்துகிறார். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரப் பயிற்சி. அங்கே டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆண்டுக்கு 4,000 ரிங்கிட் கொடுத்து வந்தார். ஆண்டு முடியப் போகிறது, அடுத்த ஆண்டுக்கும் கேட்க வேண்டும். “டீச்சர், எழுத்துப்பிழை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்று கடிதத்தை அனுப்பினார். எழுத்துப்பிழை இரண்டுதான் இருந்தது. கணக்கில் இருந்த பிழைதான் பெரியது. (பாடத்துக்காகச் சில எண்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் எழுதியிருந்தது: ‘இவ்வாண்டு 864 மாணவர்கள் எங்கள் கழகத்தின் வழி பயன்பெற்றுள்ளனர்.’

எனக்கு ஆச்சரியம். அந்தத் தாமானில் அவ்வளவு பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். “இந்த 864 எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன். வருகைப் பதிவேட்டில் 40 சனிக்கிழமைக்கும் போட்ட சரி அடையாளத்தை எல்லாம் கூட்டினேன் என்றார். அப்படியென்றால் அது வருகைகளின் எண்ணிக்கை. ஒரே பிள்ளை 35 தடவை வந்தால் அங்கே 35 என்று விழும். பதிவேட்டில் இருந்த பெயர்கள் 36தான். 864ஐ 40ஆல் வகுத்தால் 21.6. அதாவது, பதிந்துகொண்ட 36 பேரில் ஒரு பயிற்சிக்குச் சராசரியாக 22 பேர் வந்திருக்கிறார்கள்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. “864ன்னு போட்டா பெருசா இருக்கும், 22ன்னு போட்டா யார் காசு கொடுப்பா?” நியாயமான பயம்தான். ஆனால், படிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். தினமும் டயர் எண்ணிக் கணக்கு எழுதுகிறவர். சனிக்கிழமை காலையில் மண்டபத்தை எட்டிப் பார்த்தவருக்கு, இரண்டு ஆடுகளத்தில் இருபது சொச்சம் பேர் விளையாடுவது கண்ணில் பட்டிருக்கும். கடிதத்தில் 864 என்று பார்த்ததும், அடுத்து வரும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். ‘22 பேர்’ என்பது அவர் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும்.

இதே பிழை பங்கேற்பிலும் இருந்தது. ‘இரு போட்டிகளில் 28 விளையாட்டாளர்கள் பங்கேற்றனர்’ என்று எழுதியிருந்தார். முதல் போட்டிக்கு 16 பேர், இரண்டாவதுக்கு 12 பேர் போனார்கள். ஒன்பது பேர் இரண்டுக்குமே போனவர்கள். ஆக, போட்டிக்குச் சென்ற பிள்ளைகள் 19 பேர். 28 என்பது பங்கேற்புகள். இரண்டு எண்ணுமே எழுதத் தக்கவைதான், எது எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டால். வருகை வேறு, பங்கேற்பு வேறு என்பதையும் பிள்ளைகளிடம் இங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சிக்கு வந்து நிற்பது வருகை. கழகத்தின் பெயரில் போட்டியில் இறங்குவது பங்கேற்பு. புரவலரின் கடைப் பெயர் அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர்கள் அந்த 19 பேர்தான், அதனால் அவருக்கு அந்த எண்ணில் தனி அக்கறை இருக்கும்.

இனி, நான் அதிக நேரம் செலவழித்த இடத்துக்கு வருகிறேன். 40 பயிற்சியையும் பத்துப் பத்தாகப் பிரித்துச் சராசரி எடுக்கச் சொன்னேன். முதல் பத்தில் 26 பேர், அடுத்த பத்தில் 24, மூன்றாவது பத்தில் 15, கடைசிப் பத்தில் 21. மூன்றாவதைப் பார்த்ததும், “இதைக் காட்ட வேணாம் டீச்சர், மொத்தச் சராசரி மட்டும் போதும்” என்றார்.

ஏன் விழுந்தது என்று கேட்டேன். அந்த வாரங்களில் மண்டபத்தைக் காலையில் திருமண நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பயிற்சி மதியம் இரண்டு மணிக்கு மாறியது. பல பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் டியூஷன். இது உண்மைக் காரணமா, சாக்கா என்பதையும் பதிவேடே சொல்லும். 20ஆவது பயிற்சிக்கு வந்தவர்கள் 23 பேர். நேரம் மாறிய 21ஆவது பயிற்சிக்கு 14 பேர். ஆர்வம் குறைந்து விழுந்திருந்தால் 23, 21, 19 என்று மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். ஒரே வாரத்தில் சரிந்து, காலை நேரம் திரும்பக் கிடைத்ததும் ஏறியிருப்பதால், நேரத்தின் மேல் பழி போடலாம். நோன்பு மாதம், தேர்வு வாரம் எதுவும் அதே நாள்களில் வரவில்லை என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொண்டோம். வந்திருந்தால் இவ்வளவு துணிச்சலாகச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது அந்தச் சரிவைப் பணமாக்கிப் பாருங்கள். ஒரு பயிற்சிக்கு மண்டப வாடகை 60 ரிங்கிட், எத்தனை பேர் வந்தாலும் அதே தொகை. 26 பேர் வந்தால் ஒரு பிள்ளைக்கு 2 ரிங்கிட் 30 சென் ஆகிறது. 15 பேர் வந்தால் 4 ரிங்கிட். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டினால் காலை நேரத்தை யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று மண்டபத்தார் சொல்லியிருக்கிறார்கள். கழகத்திடம் அந்த முன்பணம் இல்லை, காரணம் புரவலரின் காசு நான்கு தவணையாக வருகிறது. ஆக, மறைக்க நினைத்த அந்த 15தான் கடிதத்தின் கோரிக்கையையே தந்தது: தொகையைக் கூட்ட வேண்டாம், முதல் பாதியை ஜனவரியிலேயே கொடுங்கள்.

திருத்திய கடிதம் இது. முகவரி, தேதிப் பகுதியை விட்டுவிட்டேன்.

ஐயா,

பூப்பந்துக் கழகத்திற்கான நிதி ஆதரவைப் புதுப்பிக்கக் கோருதல்

வணக்கம். மேற்கண்ட விவரம் தொடர்பாக எழுதுகிறேன். இவ்வாண்டு தாங்கள் வழங்கிய 4,000 ரிங்கிட்டிற்குக் கழகத்தின் சார்பில் நன்றி. அத்தொகையில் மண்டப வாடகைக்கு 2,400 ரிங்கிட்டும், பந்துகளுக்கு 1,080 ரிங்கிட்டும், போட்டிக் கட்டணம், சட்டை ஆகியவற்றுக்கு 520 ரிங்கிட்டும் செலவாயின.

2. திட்டமிட்ட 40 பயிற்சிகளும் நடந்தன. பதிந்துகொண்ட 36 பிள்ளைகளில் ஒரு பயிற்சிக்குச் சராசரியாக 22 பேர் வந்தனர். 15 பேர் முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பயிற்சிகளுக்கு வந்துள்ளனர். ஐந்து முறைக்கும் குறைவாக வந்தவர்கள் 6 பேர். தங்கள் கடையின் பெயர் பொறித்த சட்டையுடன் 19 பிள்ளைகள் இரு போட்டிகளில் விளையாடினர். அவர்களில் ஒன்பது பேர் இரண்டிலும் விளையாடினர்.

3. 21ஆம் பயிற்சி முதல் 30ஆம் பயிற்சி வரை வருகை சராசரியாக 15 பேராகக் குறைந்தது. அந்நாள்களில் காலை நேரத்தில் மண்டபம் கிடைக்காததால் பயிற்சி மதியத்திற்கு மாற்றப்பட்டது. மீண்டும் காலைக்கு மாறியபின் வருகை 21 ஆனது. ஆறு மாத வாடகையான 1,200 ரிங்கிட்டை முன்கூட்டியே செலுத்தினால், காலை நேரத்தை உறுதி செய்ய மண்டப நிர்வாகம் இணங்கியுள்ளது.

4. ஆகவே, அடுத்த ஆண்டும் அதே 4,000 ரிங்கிட்டை வழங்குமாறும், அதில் 2,000 ரிங்கிட்டை ஜனவரி மாதத்தில் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வருகைச் சுருக்கத்தையும் செலவுக் கணக்கையும் இணைத்துள்ளேன். தாங்கள் விரும்பும் நாளில் நேரில் வந்து விளக்கவும் இயலும்.

நன்றி.

இக்கண்,
கழக நிர்வாகி

‘ஐந்து முறைக்கும் குறைவாக வந்தவர்கள் 6 பேர்’ என்பதை விடலாமா என்று எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. நான் இருக்கட்டும் என்றேன். அதை விட்டுவிட்டால் 36 என்பது 36 பேரும் ஆடுவதுபோலத் தோன்றும்.

முதல் வரைவில் இருந்து நாங்கள் எடுத்துவிட்ட வரி ஒன்று உண்டு: ‘இதனால் பிள்ளைகள் தீய வழியில் செல்லாமல் தடுக்கப்பட்டனர்.’ நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வரி இது! வருகைப் பதிவேடு சொல்வது, யார் எந்த நாளில் வந்தார் என்பதை மட்டும்தான். வராமல் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அதற்குத் தெரியாது. பெற்றோர் யாராவது அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்னதாகச் சேர்க்கலாம்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. மூலப் பதிவேட்டை இணைக்கக்கூடாது. அதில் பிள்ளைகளின் அடையாள அட்டை எண், பெற்றோர் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். சுருக்க அட்டவணை போதும். அடுத்து, ‘வரிவிலக்குப் பெறலாம்’ என்று சும்மா எழுதிவிடக்கூடாது. மலேசியாவில் அதற்கு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி நன்கொடை பெறும் அமைப்பு உரிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் கழகம் பதிவாகியிருப்பது வேறு விஷயம், அந்தப் பதிவு எண்ணைக் கடிதத் தலைப்பில் போடலாம்.

வகுப்பில் இதைச் செய்யும்போது, கடிதத்தை முதலில் காட்டாதீர்கள். பத்துப் பெயர், எட்டு வாரம் உள்ள ஒரு பதிவேட்டைக் கூட்டுத்தொகை இல்லாமல் கொடுங்கள். ஒரு பெயர் மூன்றாவது வாரத்தில்தான் சேரட்டும். ஒரு வாரம் எல்லாருக்கும் எண்ணிக்கை விழட்டும், ஓரத்தில் ‘பெருமழை’ என்று குறிப்பு இருக்கட்டும். இரண்டாம் பத்தியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் பாதிப்பேர் சரி அடையாளங்களை எல்லாம் கூட்டி ‘61 மாணவர்கள்’ என்று எழுதினார்கள். எழுதியவர்களிடம், “பத்துப் பெயர் உள்ள பட்டியலில் 61 பேர் எங்கே உட்கார்ந்தார்கள்?” என்று மட்டும் கேட்டேன். சிரித்துக்கொண்டே அவர்களே அழித்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் சேர்ந்த பிள்ளையை எட்டு வாரத்துக்குக் கணக்கிடுவதா, ஆறு வாரத்துக்கா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.