வரைபடத்தாள் சதுரங்கள் வழியே பிதாகரஸ் தேற்றம்

ஒரு செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் மேல் அமையும் சதுரத்தின் பரப்பளவு, மற்ற இரு பக்கங்களின் மேல் அமையும் சதுரங்களின் பரப்பளவுகளைக் கூட்டினால் வருவதற்குச் சமம். இதுவே பிதாகரஸ் தேற்றம். செங்கோணத்துக்கு எதிரே உள்ள மிக நீளமான பக்கமே கர்ணம் எனப்படும்.

தமிழில் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பதை வர்க்கம் என்கிறோம். நான்கு சம பக்கங்களும் நான்கு செங்கோணங்களும் கொண்ட உருவத்தைச் சதுரம் என்கிறோம். சொற்கள் வேறாக இருப்பதால், "கர்ணத்தின் வர்க்கம்" என்று மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அது ஓர் உருவத்தின் பரப்பு என்பது தோன்றாமல் போகலாம். வரைபடத்தாளில் சதுரங்களை வெட்டிச் செய்யும் பாடம் இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது.

தேவையானவை

1 செ.மீ. கட்டங்கள் உள்ள வரைபடத்தாள், கத்தரிக்கோல், அளவுகோல், மூலைமட்டம், பசை, ஒட்டுவதற்கு ஒரு வெள்ளைத்தாள். சதுரங்களை அளவுகோலால் அளந்து வெட்டுவதைவிட, அச்சிட்ட கோடுகளை எண்ணி அவற்றின் மேலேயே வெட்டுவது நல்லது. 5 செ.மீ. சதுரத்தின் பக்கம் 1 மி.மீ. கூடினாலே அதன் பரப்பளவு 25-லிருந்து ஏறத்தாழ 26 சதுர செ.மீ. ஆகிவிடும்.

மூன்று சதுரங்கள்

3, 4, 5 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை வெள்ளைத்தாளின் மேல் மூலையோடு மூலை தொடும்படி வைத்தால், நடுவில் ஒரு முக்கோண வெற்றிடம் உண்டாகும். சிறிய சதுரங்கள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் அது செங்கோணமாக இருக்கும். இனிக் கட்டங்களை எண்ணலாம். சிறிய சதுரங்களில் 9-உம் 16-உம், பெரிய சதுரத்தில் 25-உம் இருக்கும்.

எண்ணுவதோடு நிறுத்தாமல், சிறிய சதுரங்களால் பெரியதை மூடியும் பார்க்கலாம். 3 செ.மீ. சதுரத்தை 5 செ.மீ. சதுரத்தின் ஒரு மூலையில் வைத்தால், 2 செ.மீ. அகலத்தில் ஒரு வளைந்த பட்டை மீதி இருக்கும். 4 செ.மீ. சதுரத்தை 2 செ.மீ. அகலமுள்ள இரு பட்டைகளாக வெட்ட வேண்டும். அவற்றுள் ஒன்றின் நுனியில் 1 செ.மீ. நீளத்தை மட்டும் வெட்டி மற்றொன்றோடு சேர்த்தால், 5 செ.மீ., 3 செ.மீ. நீளமுள்ள இரு பட்டைகள் கிடைக்கும். இரண்டும் மீதி இடத்தைச் சரியாக மூடிவிடும்.

கர்ணத்தை எண்ணும்போது நேரும் பிழை

முக்கோணத்தை வரைபடத்தாளிலேயே வரைந்து, கர்ணம் கடந்து செல்லும் கட்டங்களை எண்ணி அதன் நீளத்தைச் சொல்வது மாணவர்கள் செய்யக்கூடிய தவறு. 3, 4 செ.மீ. பக்கங்களுக்குரிய கர்ணம் 6 கட்டங்களைக் கடக்கிறது. அதன் நீளமோ 5 செ.மீ.தான். சாய்ந்த கோடு கட்டங்களைக் குறுக்காகக் கடப்பதால், கட்டங்களின் எண்ணிக்கை நீளத்தைத் தருவதில்லை. கர்ணத்தின் சதுரத்தைத் தனியே வெட்டி, சாய்த்து வைப்பதன் காரணம் இதுதான். தாளைத் திருப்பினாலும் அதிலுள்ள கட்டங்கள் மாறுவதில்லை.

செங்கோணம் இல்லாவிட்டால்

3, 4, 5 உடன் பாடத்தை முடித்தால், எந்த முக்கோணத்துக்கும் இந்தத் தொடர்பு பொருந்தும் என்று மாணவர் எண்ணக்கூடும். அதனால் செங்கோணம் இல்லாத முக்கோணங்களையும் அமைத்துப் பார்க்க வேண்டும்.

5, 6, 8 செ.மீ. சதுரங்களை எடுத்துக்கொண்டால், சிறியவை இரண்டிலும் சேர்த்து 25 + 36 = 61 கட்டங்கள்; பெரியதில் 64 கட்டங்கள். இங்கே பெரிய கோணம் சுமார் 93 பாகை. 5, 5, 7 செ.மீ. சதுரங்களில் 25 + 25 = 50 கட்டங்களுக்கு எதிராக 49 கட்டங்கள். பெரிய கோணம் சுமார் 89 பாகை. கண்ணுக்கு இரண்டும் செங்கோணம் போலவே தெரியும். ஒரு பாகை வேறுபாட்டை, கையால் வெட்டி ஒட்டிய தாளில் மூலைமட்டமோ கோணமானியோ நம்பகமாகக் காட்டுவதும் கடினம். கட்டங்களின் எண்ணிக்கை மட்டும் தெளிவாகக் காட்டிவிடும். பெரிய சதுரம் கூடுதலைவிடப் பெரிதானால் விரிகோணம், சிறிதானால் குறுங்கோணம், சமமானால் மட்டுமே செங்கோணம்.

எண்ணிக்கையிலிருந்து நிறுவலுக்கு

எத்தனை முக்கோணங்களை எண்ணிப் பார்த்தாலும், அவை தனித்தனி எடுத்துக்காட்டுகளே. எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் இது உண்மை என்று காட்ட அதே தாளில் வேறொரு வழி உண்டு.

3 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் உள்ள இரு செவ்வகங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால், ஒரே அளவுள்ள நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். வெள்ளைத்தாளில் 7 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் வரைந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முக்கோணத்தின் செங்கோணம் பொருந்தும்படி வைக்க வேண்டும். சட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணத்தின் 3 செ.மீ., அடுத்ததன் 4 செ.மீ. என நிரம்ப வேண்டும். நடுவில் சாய்ந்த ஒரு வெற்றிடம் மிஞ்சும். அதன் நான்கு பக்கங்களும் கர்ணங்கள். சட்டத்தின் பக்கத்தைத் தொடும் இடத்தில் முக்கோணத்தின் இரு குறுங்கோணங்களும் சேர்ந்து 90 பாகை ஆவதால், மீதிக் கோணமும் 90 பாகை. எனவே வெற்றிடம், கர்ணத்தின் மேல் அமையும் சதுரமே.

அடுத்து அதே முக்கோணங்களை மீண்டும் இரு செவ்வகங்களாகச் சேர்த்து, ஒன்றைப் படுக்கையாகவும் மற்றதை நிமிர்ந்தும் எதிரெதிர் மூலைகளில் வைக்க வேண்டும். இப்போது 3 செ.மீ. சதுரமும் 4 செ.மீ. சதுரமும் வெற்றிடங்களாக நிற்கும்.

சட்டம் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. ஆகவே இரு முறையும் மிஞ்சிய வெற்றிடங்கள் சமம். இந்த வாதத்தில் 3, 4 என்ற எண்கள் எங்கும் தேவைப்படவில்லை. பக்கங்கள் எந்த அளவாக இருந்தாலும் சட்டத்தின் பக்கம் அவற்றின் கூடுதலாக இருந்தால் போதும். 7 கட்டச் சட்டத்துக்குள் சாய்ந்த 5 கட்டச் சதுரம் கொண்ட படம், சௌபி சுவான்சிங் என்னும் பழைய சீன நூலோடும் தொடர்ந்து வழங்கி வருகிறது.

முழு எண்ணாக வராத கர்ணம்

2, 3 செ.மீ. பக்கங்களை எடுத்துக்கொண்டால், கர்ணத்தின் சதுரத்தைக் கட்டக் கோடுகளின் மேல் வெட்ட முடியாது. ஆனாலும் சட்ட முறை உதவும். சட்டத்தின் பரப்பு 25; நான்கு முக்கோணங்களின் பரப்பு 12; மிஞ்சும் சாய்சதுர இடம் 13. இது 4 + 9-க்குச் சமம். அளவுகோலால் அளந்தால் கர்ணம் ஏறத்தாழ 3.6 செ.மீ. இருக்கும், அதன் வர்க்கம் 12.96.

5, 5 செ.மீ. பக்கங்களுக்கும் இப்படியே பார்க்கலாம். சட்டம் 100, முக்கோணங்கள் 50, மீதி 50. செங்கோணம் அமைய 50 கட்டப் பரப்புள்ள சதுரம் தேவை. முன்பு வைத்த 7 செ.மீ. சதுரத்தில் 49 கட்டங்களே இருந்தன. கோணம் ஒரு பாகை குறைந்தது அந்த ஒரு கட்டத்தால்தான்.