மறைந்திருந்த 7,561 இன்வாய்ஸ்கள்

"அண்ணா, சிஐஏ எடுக்கவா, சிசா எடுக்கவா?"

பிறையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் தேநீர் வேளையில் இப்படிக் கேட்டார். ஏழு ஆண்டு கணக்கு எழுதிவிட்டு உள் கணக்காய்வுக்கு மாறியவன் நான். பாடத்திட்டத்தை ஒப்பிப்பதற்குப் பதில், அவருக்குச் சத்யம் கதையைச் சொன்னேன்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்கில் காட்டிய பணத்தில் சுமார் 5,000 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். புலன்விசாரணையில் 7,561 போலி இன்வாய்ஸ்கள் வெளிவந்தன. அவற்றை யாரும் ஏன் பார்க்கவில்லை? இன்வாய்ஸ் போடும் மென்பொருளில் 'சூப்பர் யூசர்' அனுமதி உள்ளவர் ஓர் இன்வாய்ஸை H என்று குறித்தால் அது மற்றவர் திரையில் தெரியாது. S என்று குறித்தால்தான் தெரியும். மறைந்திருந்தாலும் அதன் தொகை மட்டும் வருமானக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

கணக்காளரான நமக்குக் கூட்டல் சரியாக வந்தால் போதும். சத்யத்தில் போலிகளையும் சேர்த்தே கூட்டல் வந்தது. இதைப் பிடிக்க வேறு கேள்விகள் வேண்டும். இன்வாய்ஸ் மென்பொருளின் வழக்கமான பட்டியலில் எத்தனை இன்வாய்ஸ், மொத்தம் எவ்வளவு? பொதுப் பேரேட்டுக்குப் போனவை எத்தனை, எவ்வளவு? இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் ஏதோ நடக்கிறது. அடுத்து, சூப்பர் யூசர் அனுமதி யாரிடம் இருக்கிறது, அவர் செய்ததை யார் சரிபார்க்கிறார்கள்? இப்படிக் கேட்கக் கற்றுத் தருவதுதான் ஐசாகா அமைப்பின் சிசா.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த பத்துப் பேரில் சத்யத்தின் உள் கணக்காய்வுத் தலைவரும் ஒருவர். (பின்னர் அவர்கள் மேல்முறையீடு செய்து பிணையில் வந்தார்கள்.) பார்த்ததை எப்படி எழுதுவது, யாரிடம் கொண்டுபோவது, மேலதிகாரி விடச் சொன்னால் என்ன செய்வது என்பதெல்லாம் சிஐஏ பாடம். பர்சா மலேசியா விதிப்படி, பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் உள் கணக்காய்வுப் பிரிவு நேரே கணக்காய்வுக் குழுவிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த விதியின் காரணமும் இதுதான்.

என் முதல் சோதனை இதைவிட மிகச் சிறியது. கணக்கு மென்பொருளில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை வாங்கி, மனிதவளப் பிரிவின் இடமாற்றப் பட்டியலோடு ஒப்பிட்டேன். கொள்முதலிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறிய ஒருவருக்குப் பழைய அனுமதியும் அப்படியே இருந்தது. புதிய சப்ளையரை அவரே திறக்கலாம். அந்த சப்ளையருக்கான பணத்தையும் அவரே அனுப்பலாம்.

"நல்ல பையன், இதை எழுத வேண்டாமே" என்றார் அவருடைய மேலாளர். அவர் நல்லவர்தான். ஓராண்டில் அவர் திறந்த ஒவ்வொரு சப்ளையரையும், பணம் அனுப்பிய பதிவுகளையும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. அதையும் அறிக்கையில் எழுதினேன். ஆனால் குறை அந்தப் பையனிடம் இல்லை. இடம் மாறியவரின் அனுமதியைப் பறிக்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. இப்போது இடமாற்றப் படிவத்தின் நகல் அன்றே கணினிப் பிரிவுக்குப் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேலாளரும் தம் ஆட்களின் அனுமதிப் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்.

தம்பிக்கு நான் சொன்ன எச்சரிக்கை ஒன்றுதான்: பரீட்சையில் தேறினால் மட்டும் சான்றிதழ் கையில் வந்துவிடாது. சிசா பரீட்சை நான்கு மணி நேரத்தில் 150 கேள்விகள். அதன் பிறகு தகவல் முறைக் கணக்காய்வு, கட்டுப்பாடு அல்லது பாதுகாப்பில் ஐந்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். படிப்புக்கும் வேறு அனுபவத்துக்குமாக அதில் அதிகபட்சம் மூன்றாண்டு கழிப்பார்கள். தேறி ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பரீட்சை வீண். சிஐஏவில் மூன்று தாள்கள். பட்டதாரிக்கு இரண்டாண்டு கணக்காய்வு அல்லது அதையொத்த அனுபவம் போதும். வெறுமனே கணக்கு எழுதிய ஆண்டுகள் இரண்டிலும் உதவாது.

அதனால் முதலில் உள் கணக்காய்வுக்குள் வந்துவிடச் சொன்னேன். அங்கே இருந்துகொண்டே சிஐஏ எழுதலாம். அனுமதிப் பட்டியல், மென்பொருள் மாற்றப் பதிவு போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்தால் சிசாவுக்கான ஆண்டுகளும் சேரும்.

"அப்போ இப்ப எங்கே ஆரம்பிக்கட்டும் அண்ணா?" என்றார்.

"உன் பேரில் என்னென்ன அனுமதி இருக்குன்னு முதலில் பார்" என்றேன். மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். ஒன்று அதிகமாக இருந்ததாம்.