‘கட்டுப்பட்டது’ வேறு, ‘குணமானது’ வேறு: வலிப்பு உள்ள வீட்டுக்கு ஒரு தமிழ்த் தாள்



நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வலிப்பு நோய். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலத் தாளை உறவுக்காரப் பையன் ஒருவன் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான். வலிப்பு கட்டுப்பட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற வரி, அவன் கையில் ‘குணமாகும் வரை மாத்திரை சாப்பிடவும்’ என்று மாறிவிட்டது. எட்டு மாதம் வலிப்பே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது என்று உம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் சுபுஹுக்கு ஒளூ செய்யப் போன இடத்தில் பிள்ளை விழுந்து, நெற்றியில் நாலு தையல்.

உம்மா மீது குற்றமில்லை. தாளில் இருந்தபடிதான் செய்தார். அதன்பிறகு நாங்கள் அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து தாளைப் புதிதாக எழுதினோம். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘வலிப்பு வராமல் இருப்பது மாத்திரை வேலை செய்வதால். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.’ திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் ஆபத்தான வலிப்பே வரலாம். நிறுத்தலாமா என்று டாக்டர்கள் யோசிப்பதே பெரும்பாலும் இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான். அப்போதும் பல வாரம், பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், துஆவும் செய்யட்டும். மாத்திரை அதன் வேளையில் போகட்டும்.

அடுத்து ‘1-0-1’. இதை ‘காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருந்தார்கள். சாப்பாடு ஒரு நாள் ஏழு மணிக்கு, ஒரு நாள் பத்து மணிக்கு. அந்தப் பிள்ளைக்கு டாக்டர் சொன்னது பன்னிரண்டு மணி நேர இடைவெளி. அதனால் தாளில் ‘காலை 8, இரவு 8’ என்றே எழுதினோம். இஷாவோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொழுகை நேரம் வருடம் முழுக்க நகர்வதால் தாளில் கடிகார மணிதான் இருக்க வேண்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால்? காலை 8 மணி மாத்திரை 11 மணிக்கு நினைவு வந்தால் உடனே கொடுக்கலாம். மாலை 6 மணிக்கு நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு, இரவு 8 மணி மாத்திரையை மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மாத்திரைக்கு மாத்திரை இது கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் டாக்டரிடம் கேட்டு அந்த மணியை எழுதி வாங்குங்கள்.

ரமளானில் இந்தக் கணக்கு குலைகிறது. இஃப்தார் மாலை 6.30, சஹர் அதிகாலை 4.30 என்றால் இரவில் பத்து மணி நேரம், பகலில் பதினான்கு மணி நேரம். தூக்கமும் குறைகிறது, தூக்கக் குறைவு பலருக்கு வலிப்பைத் தூண்டும். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போங்கள். சிலருக்கு ஒருநாளைக்கு ஒருவேளை மாத்திரையாக மாற்ற முடியும், சிலருக்கு நோன்பே கூடாது என்பார். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. உங்கள் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியதில் எங்களைத் தடுமாற வைத்தது சொற்கள்தான். ‘இழுப்பு’ என்று எழுதினால் பாதிப் பேருக்கு மூச்சிரைப்பு நோய் நினைவுக்கு வருகிறது. அதனால் ‘வலிப்பு’ என்றே வைத்தோம். ‘எவ்வளவு நேரம் வந்தது’ என்று டாக்டர் கேட்டால் வீட்டில் ‘அரை மணி’ என்கிறார்கள். அதில் உதறியது இரண்டு நிமிடம், மீதி அசந்து தூங்கியது. ஆகவே தாளில் ‘உதறும் நேரம்’, ‘தெளியும் நேரம்’ என்று இரண்டாகப் பிரித்தோம். உதறல் தொடங்கியதும் மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்கு அழையுங்கள். ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலும், இதுதான் முதல் வலிப்பு என்றாலும், தண்ணீரில் வந்தாலும், கர்ப்பிணி என்றாலும், பலமான அடி பட்டாலும், மூச்சு சீராகவில்லை என்றாலும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

அதுவரை அடுப்பு, கூரான பொருட்களை விலக்கி, தலைக்கடியில் துணி மடித்து வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். முடிந்தவுடன் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நிற்கிறது, சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. பெயர் சொல்லிக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லும் வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள்.

தாளை எழுதி முடித்ததும் அந்த வீட்டு உம்மாவிடமே கொடுத்து, ‘இதில் என்ன இருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டோம். முதல் தடவை இரண்டு வரி தப்பாகப் புரிந்திருந்தது. அவற்றை மாற்றி எழுதி, டாக்டரிடம் காட்டிய பிறகே சமையலறைச் சுவரில் ஒட்டினோம். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டுமென்றால், மருந்துச் சீட்டோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு அசருக்குப் பின் வாருங்கள்.