உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த பைப், எந்த டாப்?

குடிவந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஷவரைத் திறந்தால் பாதித் துளைகள் அடைந்துபோய், மீதித் துளைகளிலிருந்து தண்ணீர் கோணல்மாணலாகச் சுவரில் பீய்ச்சும். டாப்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொருக்கு. கீசரைப் போட்டால் உள்ளே கடகடவென்று சத்தம். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. பழி பெரும்பாலும் பிளம்பர் தலையில் விழும். உண்மையில் தவறு நடந்தது அதற்கும் முன்னால், கடையில் பொருள் எடுத்தபோது.

நாம் பொத்தாம்பொதுவாக ‘உப்புத் தண்ணி’ என்கிறோம். அதில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று கடினத்தன்மை: தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் படிகின்றன. இன்னொன்று குளோரைடு, அதாவது நாக்குக்குக் கரிக்கும் உப்பு. இது படியாது, உலோகத்தை அரிக்கும். முதலாவது துளையை அடைக்கிறது, இரண்டாவது துருப்பிடிக்க வைக்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டுவதால், அதை வைத்துப் பொருள் தேர்வு செய்ய முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் தனித்தனியாகச் சொல்வார்கள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 600 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 10500 தரநிலை. 300-ஐத் தாண்டினாலே கீசரும் ஷவரும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவருக்குள் போகும் பைப்பைப் பொறுத்தவரை முடிவு எளிது. பழைய ஜிஐ பைப் இந்தத் தண்ணீருக்கு ஆகாது. துத்தநாகப் பூச்சு போனதும் உள்ளே துரு பிடிக்கும், அந்தச் சொரசொரப்பில் சுண்ணாம்பு ஒட்டும், முக்கால் இஞ்ச் பைப் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். பிளாஸ்டிக் பைப்பை உப்பு அரிக்காது. ஆனால் வெள்ளை யுபிவிசி பைப் பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான். கீசர் லைனில் போட்டால் இளகிப்போகும். சுடுதண்ணீர் போகும் இடமெல்லாம் சந்தன நிற சிபிவிசிதான்.

சிபிவிசி பைப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஐ.எஸ். 15778 என்பது தரநிலை. எஸ்டிஆர் 11 அல்லது 13.5 என்பது, பைப்பின் வெளிவிட்டம் அதன் சுவர்த் தடிமனைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. எண் சிறிதானால் பைப் தடிமன். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 22 மில்லிமீட்டர், ஆகவே எஸ்டிஆர் 11-இல் சுவர் 2 மில்லிமீட்டர் இருக்கும். இந்த பைப் சாதாரண வெப்பத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ அழுத்தம் தாங்கும். 82 டிகிரி சூட்டில் அதே பைப் தாங்குவது 7 கிலோதான். சூடு ஏற ஏற பலம் குறைகிறது என்பதால்தான் கீசர் லைனுக்கும் பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும் எஸ்டிஆர் 11 எடுக்கச் சொல்கிறார்கள். ஆசீர்வாத், ஆஸ்ட்ரல், சுப்ரீம், ஃபினோலெக்ஸ் இவற்றில் எதை எடுத்தாலும் சரி. பைப்பை ஒரு கம்பெனியிலும் எல்போ, டீ, சொல்யூஷனை வேறு கம்பெனியிலும் வாங்காமல் இருந்தால் போதும். டாப் மாட்டும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போவே வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையை ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் கீறல் விடும், அது டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் தெரியவரும்.

அழுத்தம் என்றதும் பைப் தாங்குமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மாடித் தொட்டி வைத்த வீட்டில் கவலைப்பட வேண்டியது அதற்கு நேர்மாறானது. ஒரு மாடி வீட்டைக் கணக்குப் பார்க்கலாம். மொட்டை மாடித் தளத்துக்கு 2 மீட்டர் மேலே தொட்டியின் தண்ணீர் மட்டம். முதல் மாடி ஷவர், தளத்துக்கு 1 மீட்டர் கீழே. மொத்தம் 3 மீட்டர். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 கிலோ அழுத்தம், ஆக இங்கே கிடைப்பது 0.3 கிலோ. கீழ்த்தளக் குளியலறையில் 0.6 கிலோ. கடையில் தகதகவென்று தொங்கும் அகலமான மழை ஷவர்களில் பலவற்றுக்குக் குறைந்தது 1 கிலோ வேண்டும், அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். அந்த ஷவரை மேல்மாடியில் மாட்டினால் முதல் நாளே தண்ணீர் சொட்டும். அழுத்தம் குறைந்த தண்ணீர் துளைகளில் தேங்கிக் காய்வதால் சுண்ணாம்பும் சீக்கிரம் பிடிக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சிறிய ஷவர், அதிலும் துளைகள் சிலிக்கான் ரப்பரில் அமைந்தது நல்லது. விரலால் தேய்த்தாலே பொருக்கு உதிர்ந்துவிடும்.

டாப் எடுக்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். முழுப் பித்தளை கனக்கும். எடை குறைவாகவும் விலை மலிவாகவும் பளபளப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. காந்தம் இரண்டிலுமே ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை உதவாது. கரிக்கும் தண்ணீரில் துத்தநாகக் கலவை உள்ளிருந்தே பொரிந்து, மேலே குரோம் கொப்புளம் கட்டும். தோட்டத்துக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் பித்தளையே தேவையில்லை, பிடிஎம்டி பிளாஸ்டிக் டாப் போதும். அதில் அரிக்க ஒன்றும் இல்லை.

டாப்பின் உயிர் உள்ளே இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜில்தான். மணலும் சுண்ணாம்பும் அதைக் கீறினால் கைப்பிடி இறுகும், பிறகு ஒழுகும். எந்தக் கம்பெனி டாப்பிலும் இது ஒருநாள் நடக்கும். எனவே இந்தத் தண்ணீரைப் பொறுத்தவரை நம்பகமான பிராண்ட் என்றால், பழுதே ஆகாத பிராண்ட் என்று பொருளல்ல. அந்தக் கார்ட்ரிட்ஜ் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்க வேண்டும். ஜாக்குவார், பாரிவேர், ஹிண்ட்வேர், செரா போன்றவற்றுக்கு ஊர் ஊராக விற்பனையும் சர்வீஸும் இருப்பதுதான் அவற்றின் பலம். பேர் தெரியாத இறக்குமதி டாப்பில் பத்து ரூபாய் வாஷர் போனாலும் முழு டாப்பையே மாற்ற நேரும். வாரண்டி அட்டையையும் படித்துவிடுங்கள், உப்புப் படிவால் வரும் கோளாறு சேராது என்று பல அட்டைகளில் இருக்கும்.

யாரும் கவனிக்காத ஒரு சாமான் உண்டு. கீசருக்கும் வாஷ்பேசினுக்கும் போகும் வளையும் ஹோஸ். அதன் மேல் பின்னியிருக்கும் கம்பி மட்டமான எஃகாக இருந்தால் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஆளில்லாத நேரத்தில் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர். 304 தர எஃகு என்று அச்சிட்டதையே கேட்டு வாங்க வேண்டும். அதில் எங்காவது பழுப்புப் புள்ளி கண்டால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

கீசரை 50 டிகிரி அளவில் வைத்தால் படிவு வெகுவாகக் குறையும். பொருக்கை எடுக்க வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும், கழிவறை ஆசிட் பட்டால் குரோம் போய்விடும். டைல்ஸ் ஒட்டும் முன் கைப்பம்பால் 10 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டாப் வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துக் கார்ட்ரிட்ஜ் கேட்டுப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.